ஸ்பானிஷில் இரண்டு ‘தெரியும்’, இரண்டு ‘கேள்’

“சபேர், கொனோசேர் ரெண்டுமே ‘தெரியும்’, பெதிர், ப்ரெகுந்தார் ரெண்டுமே ‘கேள்’. எதை எங்கே போடுவது?”

‘கேள்’ சுலபம், அதை முதலில் பார்ப்போம். பதில் வேண்டுமா, பொருளோ உதவியோ வேண்டுமா என்று பாருங்கள். உணவகத்தில் சூப் இருக்கிறதா என்று விசாரித்தால் “ப்ரெகுந்தே சி அபியா சோபா”. சாப்பிட்டு முடித்து பில் கேட்டால் “பெதி லா குவெந்தா”. விலை கேட்பதும் ப்ரெகுந்தார்தான், ஏனென்றால் கைக்கு வருவது வெறும் தகவல்.

‘தெரியும்’தான் தடுமாற வைக்கும். தகவலும் செய்யத் தெரிந்த வேலையும் சபேர்: “சே நதார்” என்றால் எனக்கு நீந்தத் தெரியும். ஆளோடும் ஊரோடும் பழக்கம் என்றால் கொனோசேர். மரியா எங்கே வசிக்கிறாள் என்று தெரியும், “சே தோந்தே பிபே மரியா”. மரியாவையே தெரியும், “கொனோஸ்கோ ஆ மரியா”. நடுவில் வரும் அந்த ‘ஆ’வை விடாதீர்கள், ஆளைச் சொல்லும்போது அது கட்டாயம்.

அப்புறம், இறந்தகாலத்தில் அர்த்தமே நகரும். “கொனோசி ஆ மரியா” என்றால் மரியாவை முதன்முதலாகச் சந்தித்தேன். “சுப்பே” என்றால் தெரியவந்தது. ஏற்கெனவே தெரிந்திருந்தது என்றால் “கொனோசியா”, “சபியா”.