டெல்லிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். நல்லெண்ணெய்க்கு ஸ்மோக் பாயிண்ட் குறைவு, அதில் தாளிக்கவே கூடாது என்கிறார்களே, உண்மையா? பொரிக்க எந்த எண்ணெய் வாங்குவது?

தாராளமாகத் தாளிக்கலாம். கடாய் நிறைய ஊற்றிப் பொரிக்கத்தான் நல்லெண்ணெய் வேண்டாம். பொரிக்க ரீஃபைண்ட் கடலை எண்ணெய் வாங்குங்கள். அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சம் என் வயிற்றெரிச்சல்.

நீங்கள் டெல்லிக்குப் புதிது என்பதால் ஒன்று ஊகிக்கிறேன். பக்கத்து வீட்டில் எண்ணெயைப் புகை கிளம்பும்வரை காய்ச்சி, அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, மறுபடி பற்றவைத்துச் சீரகம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மயூர் விஹாரில் என் பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி தினமும் அப்படித்தான் செய்வார். அது கடுகெண்ணெய்க்கு மட்டுமே உரிய வழக்கம். பச்சைக் கடுகெண்ணெயின் மூக்கைத் துளைக்கும் காரம் காய்ச்சினால்தான் அடங்கும். அது புகைய ஏறக்குறைய 250 டிகிரி ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டு நல்லெண்ணெயையும் புகையவிட்டுத் தாளிக்கிற நம்மவர்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். செக்கு நல்லெண்ணெய் 175, 180 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பிக்கும். புகைந்தால் எதற்காக அதை வாங்கினோமோ அந்த வாசனை முதலில் போகும், அப்புறம் ரசம் கசக்கும். பழி பெருங்காயத்தின் மேல் விழும்.

தாளிப்பில் நடப்பதைக் கவனியுங்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெய். காய்ந்ததா என்று பார்க்க ஒரு கடுகைப் போட்டால் வெடிக்கிறது. உடனே மீதிக் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய். பருப்பு சிவக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலை. இலையின் ஈரம் பட்டுச் சடசடவென்று சூடு இறங்கிவிடும். மொத்தமே ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலை. நல்லெண்ணெய் புகையும் முன்பே கடுகு வெடித்துவிடும். ஒரே ஆபத்து, தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் கொஞ்சமாக இருப்பதால் நீங்கள் டப்பாவைத் தேடுகிற நேரத்தில் அது எங்கேயோ போய்விடும். ஆகவே அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

பொரிப்பது வேறு கதை. அங்கே எண்ணெய் மணிக்கணக்கில் சூட்டில் நிற்கிறது, ஒவ்வொரு ஈடு மாவும் அதற்குள் ஈரத்தைக் கொண்டுவருகிறது. எண்ணெய் என்பது கிளிசராலோடு கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்த அமிலங்கள் பிரிந்து தனியே திரிய ஆரம்பிக்கும். தனியே திரிகிற அமிலம் சீக்கிரம் புகையும். செக்கு எண்ணெயில் அது முதலிலேயே கொஞ்சம் இருக்கும், வண்டலும் இருக்கும். ரீஃபைண்ட் செய்யும்போது இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள், வாசனையும் கூடவே போய்விடுகிறது. அதனால்தான் ஒரே கடலை எண்ணெய் செக்கில் ஆட்டியதானால் 160ஐ ஒட்டியும், ரீஃபைண்ட் ஆனால் 230 வரை தாக்குப்பிடித்தும் புகைகிறது. கடைக்குக் கடை, டின்னுக்கு டின் இது முன்னே பின்னே இருக்கும்.

செக்கு எண்ணெய் அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். என் வீட்டிலும் செக்கு எண்ணெய்தான், பொரியலுக்கும் இட்லிப் பொடிக்கும். ஆனால் தீபாவளியை ஒட்டி இங்குள்ள ஒரு தமிழ் அமைப்பின் விழாவில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டாலில் 'மரச்செக்கு எண்ணெயில் செய்தது' என்று போர்டு வைக்க வேண்டுமென்று நிர்வாகிகளுக்கு ஆசை. ஊரிலிருந்து செக்குக் கடலை எண்ணெய் வரவழைத்தார்கள். காலையில் நாங்கள் முறுக்குப் பிழிந்தோம். முறுக்குக்கு 160, 170 டிகிரி போதும். புது எண்ணெய், நிதானமான தீ, பொன்னிறமாகத்தான் வந்தது. மதியம் அதே கடாயில் பூரி போடச் சொன்னார்கள். பூரி உப்ப வேண்டுமானால் 190 பக்கம் வேண்டும். ஹோட்டல் பர்னரை முழுதாகத் திருப்பினார் ஒரு தம்பி.

கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் கண் எரிந்தது. "ஆவிதான் மாமி" என்றார் அந்தத் தம்பி. ஆவி இல்லை. மாவிலிருந்து வரும் ஆவி வெள்ளையாகக் கிளம்பி உடனே கலைந்துவிடும், பூரியை எடுத்ததும் நின்றுவிடும். இது கடாய் காலியாக இருக்கும்போதும் எண்ணெய் மட்டத்திலிருந்து மெல்லிய நீலமாக எழுந்துகொண்டே இருந்தது. கண் எரிச்சலுக்குக் காரணம் அக்ரோலின், கிளிசரால் சிதைந்து வருவது. என் பையில் கேக் வேலைக்கு வைத்திருந்த நீள வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 170ஐக் கூடத் தாண்டவில்லை! காலையில் இதே சூட்டில் சாதுவாக இருந்த எண்ணெய். அடியில் முறுக்கு மாவுத் தூள் வேறு கருகிக் கிடந்தது. தீயைக் குறைத்தால் பூரி எண்ணெய் குடிக்கும், கூட்டினால் புகையும். இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லை. கடாயை இறக்கச் சொல்லிவிட்டு, எதிர்க் கடையிலிருந்து ரீஃபைண்ட் கடலை எண்ணெய் வாங்கிவரச் செய்தேன். பூரி பந்துபோல் எழும்பியது. போர்டை மட்டும் கடைசிவரை யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் மேடையில் "உணவு ஏற்பாடுகளைச் சிறப்பாகச் செய்த" ஐந்து ஆண்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் ஒருவராவது அடுப்புப் பக்கம் வந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். வருஷா வருஷம் இதேதான். அடுப்படியில் பெண்கள், மேடையில் வேஷ்டி. கேட்டால் "நீங்க எல்லாம் குடும்பம் மாதிரி மேடம்" என்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். இருக்கட்டும்.

சூரியகாந்தி எண்ணெயும் ரீஃபைண்ட்தானே, அதுவும் 225க்கு மேல்தானே புகையும் என்று கேட்பீர்கள். ஒரு தடவை அப்பளம் பொரிக்கச் சரி. ஆனால் சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் அதிகம். புகையாவிட்டாலும், நீண்ட நேரச் சூட்டில் அது காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கெடும். கடாய் விளிம்பில் பழுப்பாக, பசைபோலப் பிசுக்குப் படிகிறதே, அதுதான் அடையாளம். கடலை எண்ணெயில் இது மெதுவாக நடக்கும்.

நெய்யில் தாளிப்பதற்குப் பயமே வேண்டாம். நன்றாகக் காய்ச்சி வடிகட்டிய நெய் 250 வரை தாங்கும். வீட்டு நெய்யில் கசண்டு கலந்து வந்தால் மட்டும் அது முதலில் கருகும்.

வெப்பமானி இல்லையென்றால் சிட்டிகை மாவு போடுங்கள். அடியில் போய்த் தங்கி மெல்ல வந்தால் காயவில்லை, போட்டதும் குமிழியோடு மேலே வந்தால் சரி, வந்தவுடனே சிவந்தால் தீயைக் குறையுங்கள். பொரித்து மிஞ்சியதை ஆறியதும் துணியில் வடிகட்டி, மூடி வைத்து, சில நாளுக்குள் உருளைக்கிழங்கு வதக்கவோ அடைக்கு விடவோ தீர்த்துவிடுங்கள். புது எண்ணெயோடு கலந்து டின்னில் ஊற்றாதீர்கள். நிறம் கறுத்து, சட்டியில் நுரை அடங்காமல் நின்றால் அதையும் செய்ய வேண்டாம், கொட்டிவிடலாம். சிங்க்கில் அல்ல.