ஆய்வேட்டை மின்னூலாக்கும்போது அடிக்குறிப்புகளை என்ன செய்வது

கேள்வி: முடித்த ஆய்வேட்டை மின்னூலாக்க வேண்டும். பிடிஎஃப் கைப்பேசியில் படிக்க வசதியாக இல்லை. பொருளடக்கமும் அடிக்குறிப்பும் தொட்டால் திறக்க வேண்டும். எப்படிச் செய்வது?

பிடிஎஃப்பை விட்டுவிட்டு வேர்ட் கோப்பிலிருந்து தொடங்குங்கள். பிடிஎஃப்பில் அடிக்குறிப்பு என்பது பக்கத்தின் அடியில் அச்சான வரிகள்தான். மாற்றும்போது அவை பத்தியின் நடுவே வந்து விழும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத் தொழிலாளர் பாடல்களைப் பற்றிய என் ஆய்வேட்டை இப்படித்தான் மாற்றினேன். இயல் தலைப்புகளுக்கு `Heading 1`, உட்தலைப்புகளுக்கு `Heading 2` எனப் பாணி கொடுத்து, பழைய பொருளடக்கப் பக்கத்தை நீக்கிய பின், கோப்புகளை வடிவம் மாற்றித் தரும் `pandoc` என்ற நிரலில் இந்தக் கட்டளை போதுமானதாக இருந்தது:

```
pandoc aayvedu.docx -o aayvedu.epub --toc --toc-depth=2 --metadata lang=ta
```

பொருளடக்கம் இணைப்புகளோடு தானாக வந்துவிட்டது. அடிக்குறிப்புகளில்தான் சிக்கினேன். சேலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தவர்கள், 212 குறிப்புகளில் 31-ஐ வேர்டின் அடிக்குறிப்பு வசதியைப் பயன்படுத்தாமல், எண்ணை மேலெழுத்தாக்கி, குறிப்பைப் பக்கத்தின் அடியில் கையாலேயே அடித்திருந்தார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மின்னூலிலோ அந்த எண்களைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. குறிப்பும் எங்கோ ஒரு பத்தியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இவற்றைக் கண்டுபிடிக்க `Ctrl+H` அழுத்தி, தேடும் இடத்தில் `^#` எனத் தட்டி, எழுத்துரு அமைப்பில் `Superscript` என்பதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையான அடிக்குறிப்பின் எண் இலக்கமாகப் பதிவாவதில்லை என்பதால், கையால் அடித்த எண்கள் மட்டுமே அகப்படும். ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, அதே இடத்தில் `Ctrl+Alt+F` அழுத்தி, குறிப்பை வெட்டி ஒட்ட வேண்டும். எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

அதற்குப் பிறகும் நான் எதிர்பாராத ஒன்று மிச்சமிருந்தது. குறிப்பு 47-இல் 'மேலது, ப. 43' என்றிருந்தது. அச்சில் கண் தானாக மேலே உள்ள குறிப்புக்குப் போகும். மின்னூலில் தொட்டதும் திறக்கும் சிறு பெட்டியில் அந்த ஒரு வரி மட்டும் தனியே நிற்கும், எது 'மேலது' என்று வாசகருக்குத் தெரியாது. ஆகவே 'மேலது', 'முன்னது' என வரும் இடங்களிலெல்லாம் ஆசிரியர் பெயரையும் நூலின் சுருக்கப் பெயரையும் எழுதிவிடுங்கள். சில செயலிகளில் பெட்டி திறக்காமல் இயலின் இறுதிக்குத் தாவும். அங்கேயும் இது உதவும்.

'பக்கம் 112 காண்க' போன்ற குறிப்புகளுக்கும் இனிப் பொருளில்லை, ஏனெனில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமும் மாறிவிடும். அந்த இடங்களில் 'இயல் 3, பகுதி 2' என எழுதி, அந்தச் சொற்களைத் தெரிவுசெய்து `Ctrl+K` மூலம் உரிய தலைப்போடு இணைத்துவிட்டேன்.