ரசீது தேதியா, பணம் சேர்ந்த தேதியா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் 36 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். மாதப் பராமரிப்புக் கட்டணம் 3,200 ரூபாய். 10ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜனவரியில் நான் ஏற்காட்டில் தங்கை வீட்டில் இருந்ததால், பெங்களூரில் இருக்கும் மகன் 10ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஏழேகால் மணிக்குத் தன் கணக்கிலிருந்து நெஃப்ட் மூலம் அனுப்பிவிட்டான். சங்கம் கொடுத்த ரசீதில் 14ஆம் தேதி போட்டிருக்கிறது. பிப்ரவரி பில்லில் தாமதக் கட்டணம் 500 சேர்த்து 3,700 கேட்கிறார்கள். செயலாளரிடம் நேரில் கேட்டேன். "அன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை, பேங்க் விடுமுறை. எங்களுக்கு ரசீது தேதிதான் கணக்கு" என்கிறார். அவருக்கு எப்படி எழுதுவது?

பதில்: செயலாளர் இரண்டு காரணங்களை ஒன்றாகச் சொல்லிவிட்டார். கடிதத்தில் அவற்றைப் பிரித்துவிடுங்கள்.

விடுமுறை என்பது பழைய கதை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் ஞாயிறு, பண்டிகை பாராமல் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் பணம் போகிறது. அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறுபவரின் வங்கி அதை வரவு வைக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். ஏழேகாலுக்கு உங்கள் மகன் அனுப்பியது ஏழரை மணித் தொகுப்பில் போயிருந்தால், ஒன்பதரைக்குள் சங்கத்தின் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு அனுப்பியிருந்தால் இவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியாது. அது 11ஆம் தேதியில் விழுந்திருக்கலாம்.

ஆனாலும் "சேர்ந்திருக்க வேண்டும்" என்பது ஆதாரம் ஆகாது. மகனின் கைப்பேசியில் பணம் கழிந்ததற்கு ஒரு செய்தி வந்திருக்கும். நெஃப்டில் எதிர்முனையில் வரவு வைக்கப்பட்டதும் அனுப்பியவருக்கு இன்னொரு செய்தியும் வரும். தேட வேண்டியது அந்த இரண்டாவதைத்தான். அதோடு அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த வரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 16 எழுத்து–எண் கொண்ட யு.டி.ஆர். எண் இருக்கும். சங்கத்தின் வங்கி அறிக்கையிலும் அந்தப் பரிமாற்றத்தை அதே எண்ணைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். 'வெற்றி' என்று பச்சை நிறத்தில் காட்டும் திரைப்பிடிப்பை மட்டும் இணைக்காதீர்கள். கட்டளை ஏற்கப்பட்டதை அது காட்டும். பணம் போய்ச் சேர்ந்ததைக் காட்டாது.

இனி ரசீது தேதி. 14ஆம் தேதி எப்படி வந்தது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பணம் வந்தது மகனின் பெயரில். குறிப்பில் வீட்டு எண் இருந்ததா? இல்லையென்றால் பொருளாளர் அந்த 3,200 யாருடையது என்று தெரியாமல் தனியே வைத்திருப்பார். பொங்கலுக்கு முன் உட்கார்ந்து கணக்குப் பார்த்த அன்று அடையாளம் கண்டு ரசீது போட்டிருப்பார். அப்படியானால் 14 என்பது அவர் எழுதிய நாள், நீங்கள் கட்டிய நாள் அல்ல.

எழுதும் முன் சங்கத்தின் துணை விதிகளில் ஒரே ஒரு வரியைப் படித்துவிடுங்கள். "10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்" என்றோ "சங்கக் கணக்கில் சேர வேண்டும்" என்றோ இருந்தால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். வீட்டு எண் இல்லாமல் வரும் பணம் தகவல் தெரிவித்த நாளில்தான் ஏற்கப்படும் என்று பொதுக்குழு ஏற்கெனவே முடிவு செய்திருந்தால் உங்கள் தரப்பு பலவீனமாகிவிடும். அப்போது உரிமை பேசாமல் தள்ளுபடி கேட்பதே நல்லது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். பி 204 வீட்டின் ஜனவரி 2026 பராமரிப்புக் கட்டணம் ரூ.3,200 என் மகனின் கணக்கிலிருந்து 10.01.2026 அன்று இரவு 7.15 மணிக்கு நெஃப்ட் மூலம் அனுப்பப்பட்டு, அன்றே சங்கக் கணக்கில் வரவாகியுள்ளது. யு.டி.ஆர். எண்ணும் வரவு உறுதிச் செய்தியும் இணைப்பில் உள்ளன. குறிப்பில் வீட்டு எண் இடம்பெறாமல் போனது எங்கள் தவறு. அதனால் பொருளாளருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். எனினும் கட்டணம் கெடு நாளுக்குள் வந்துவிட்டது. சங்கத்தின் வங்கி அறிக்கையில் 10ஆம் தேதி வரியைச் சரிபார்த்து, ரூ.500 தாமதக் கட்டணத்தைக் கணக்கில் நீக்கி, திருத்திய பிப்ரவரி பில்லைத் தர வேண்டுகிறேன். பிப்ரவரிக் கட்டணம் ரூ.3,200ஐக் கெடுவுக்குள் செலுத்துகிறேன். அத்தொகையைப் பிப்ரவரிக் கட்டணத்துக்கு மட்டுமே வரவு வைக்கவும்."

(வீட்டு எண் என் கற்பனை. உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மகன் வீட்டு எண்ணை எழுதியிருந்தால் வருத்தம் தெரிவிக்கும் வரியை எடுத்துவிடுங்கள்.)

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 500 ரூபாயைவிடப் பெரிய வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் 3,200 கட்டினால், கணக்கு மென்பொருளோ பொருளாளரோ முதலில் பழைய பாக்கி 500ஐக் கழிப்பது வழக்கம். பிப்ரவரிக்கு 2,700தான் மிஞ்சும். 500 குறைகிறது என்று மார்ச் பில்லில் இன்னொரு தாமதக் கட்டணம் ஏறும். அடுத்த மாதமும் இதே கதை. ஒரு நாள்கூடத் தாமதிக்காதவர் ஆண்டுக் கடைசியில் நிலுவைப் பட்டியலில் இருப்பார். அந்தப் பட்டியலை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் சங்கங்களும் உண்டு.

இதற்கு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு உதவும். பல பாக்கிகள் இருக்கும்போது, எந்தப் பாக்கிக்காக இந்தப் பணம் என்று கொடுப்பவர் சொல்லிக் கொடுத்து, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால், அந்தப் பாக்கிக்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் 60ஆம் பிரிவின்படி தேர்வு வாங்குபவர் கைக்குப் போய்விடும். எனவே பணம் அனுப்பும்போதும் குறிப்பில் இப்படி எழுதுங்கள்:

```
B204 FEB2026 MAINT ONLY
```

சில வங்கிகளில் குறிப்பு பாதியில் வெட்டுப்படும். அதனால்தான் கடிதத்திலும் எழுதச் சொன்னேன். வீட்டு எண் முதலில் வருவதும் அதற்காகவே. சிலர் செய்வதுபோல, பில்லைத் திருத்தும்வரை கட்ட மாட்டேன் என்று பிப்ரவரித் தொகையை நிறுத்தி வைக்காதீர்கள். அப்போது உண்மையாகவே தாமதமாகிவிடும், உங்கள் நியாயமும் போய்விடும்.

கடிதத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். முப்பத்தைந்து வீட்டார் முன்னால் பின்வாங்க எந்தச் செயலாளருக்கும் மனம் வராது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சல் பழக்கம் இருந்தால் அதிலும் அனுப்பலாம். "பார்த்துக்கொள்ளலாம் அம்மா, விடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் நன்றி கூறிவிட்டு, திருத்திய பில்லையும் கேளுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் பொருளாளராக வந்து பழைய ஏட்டைப் புரட்டும்போது இவர் சொன்ன வார்த்தை அதில் இருக்காது.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால், அதே கடிதத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்குமாறு தலைவருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 500 ரூபாய்க்காக மாவட்டப் பதிவாளர் அலுவலகம், வழக்கு என்று அலைய நான் சொல்ல மாட்டேன். பஸ் செலவும் அரை நாளும் அதைத் தின்றுவிடும். குழுவும் மறுத்தால், "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த 500ஐத் தனியாகக் கட்டிவிட்டு, ஆண்டுப் பொதுக்குழுவில் துணை விதியைத் தெளிவாக்கும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.