1,100 ‘நாட் இன்ட்ரஸ்டட்’: உண்மையில் எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள்?

கேள்வி: கோவையில் ஒரு கல்லூரி அட்மிஷனுக்காக 10 டெலிகாலர்களை வைத்து, விண்ணப்ப விசாரணை அனுப்பியவர்களை அழைக்கிறோம். தானாக எண்களை அழைக்கும் விசிடயல் மென்பொருளில் லெவல் 3 வைத்திருக்கிறேன். 4,000 எண்கள் கொண்ட டேட்டா மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. 1,100 பேர் ‘நாட் இன்ட்ரஸ்டட்’. “போனை எடுத்தா யாருமே பேசறதில்ல” என்று சிலர் திட்டவும் செய்கிறார்கள். லெவலைக் குறைக்கவா, புது டேட்டா கேட்கவா? (ஒரு டீம் லீடர்)

பதில்: புது டேட்டாவை இப்போது கேட்காதீர்கள். முதலில் அந்த 1,100 பேரைத் திறந்து பாருங்கள். இவர்கள் தாங்களாகவே விசாரணை அனுப்பியவர்கள். அப்படிப்பட்ட லிஸ்ட்டில் நாலில் ஒருவருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது, அழைப்பு முடிந்ததும் டெலிகாலர் அழுத்தும் முடிவுப் பொத்தானான டிஸ்போசிஷன் மேல்தான்.

சோதிப்பது எளிது. நாட் இன்ட்ரஸ்டட்டின் சுருக்கமான `NI` என்று பதிவான அழைப்புகளை, பேசிய நேரத்தோடு சேர்த்து ரிப்போர்ட்டில் இறக்கி, நேரப்படி வரிசைப்படுத்துங்கள். 10 நொடிக்குக் குறைவாக முடிந்தவற்றைத் தனியே பிரியுங்கள். கல்லூரிப் பெயரைச் சொல்லி முடிக்கவே ஏழெட்டு நொடி ஆகும். என்ன விஷயம் என்றே கேட்காத பலர் அதை உண்மையில் மறுத்திருக்க மாட்டார்கள். அப்புறம் அந்தக் கூட்டத்திலிருந்து 40 ரெக்கார்டிங்கை எடுத்து நீங்களே உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு கணக்குக்கு, 480 அழைப்புகள் 10 நொடிக்குக் கீழ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்ட 40-இல், 12 பேர் “ஹலோ... ஹலோ...” என்று சொல்லிவிட்டு வைத்தவர்கள். 11 பேர் “வண்டியில இருக்கேன்”, “டூட்டில இருக்கேன்” என்றவர்கள். 6 ராங் நம்பர். 3 பேர் “இனிமே கூப்பிடாதீங்க” என்றவர்கள். மீதி 8 பேர்தான் நிஜமாகவே வேண்டாம் என்றவர்கள். முதல் இரண்டு வகையும் சேர்ந்து 23. அதே விகிதத்தை 480-க்குப் போட்டால் சுமார் 276 பேர். அவர்களிடம் இன்னும் யாரும் பேசவே இல்லை, ஆனால் லிஸ்ட் அவர்களை மூடிவிட்டது. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்த ஐந்து வகையும் ஒரே பொத்தானுக்குள் கிடப்பதை நான் பல ஃப்ளோரில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு டெலிகாலரைத் திட்டிப் பயனில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கால் பேக் எண்ணிக்கை கூடினால் ஷிஃப்ட் முடிவில் எல்லோர் முன்னாலும் கேள்வி வரும். இரண்டே வாரத்தில் கால் பேக் குறைந்தது, `NI` ஏறியது. வாடிக்கையாளர்கள் மாறவில்லை, பயம்தான் பொத்தானை மாற்றியது. ஓர் அழைப்பு முடிந்து முடிவைப் பதிய கிடைக்கும் ராப்-அப் நேரம் ஐந்து நொடி மட்டும் இருந்தாலும் இதுதான் நடக்கும். கைக்கு எட்டிய பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்கள். இருபது நொடியாவது கொடுங்கள்.

பொத்தான்களைத் திருத்த நான் ஒரே விதிதான் வைத்திருக்கிறேன்: அடுத்து செய்யும் வேலை வேறாக இருந்தால் பொத்தானும் வேறாக இருக்க வேண்டும். “இப்ப முடியாது” என்றவரைச் சொன்ன நேரத்தில் கூப்பிட வேண்டும், ஆகவே அது கால் பேக். தேதியும் நேரமும் இல்லாமல் அதைச் சேமிக்க விடாதீர்கள். “வேற காலேஜ்ல சேர்ந்தாச்சு” என்றவரை இந்த வருடம் தொட வேண்டியதில்லை, அது தனி. பேசாமலே வைத்தவர் தனி, ராங் நம்பர் தனி. “கூப்பிடாதீங்க” என்றவர் கண்டிப்பாக `DNC`, அதாவது இனி அழைக்கவே கூடாதவர். அதை `NI`-இல் போட்டால், அடுத்த மாதம் யாராவது பழைய லிஸ்ட்டைத் தூசி தட்டும்போது அவருக்கு மறுபடி போன் போகும். அவர் தேவையற்ற அழைப்புகளுக்கான புகார் எண் 1909-இல் புகார் செய்தால் பாதிக்கப்படுவது உங்கள் இணைப்பு.

மணி அடித்தும் பதில் இல்லை என்று பதியும் ஆர்.என்.ஆர். பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டோ டயலில், எடுக்கப்பட்ட அழைப்புதான் டெலிகாலரின் காதுக்கு வரும். எடுக்காததை டயலரே `NA` என்று எழுதிக்கொள்ளும். அதனால் ஒருவருடைய கணக்கில் மட்டும் ஆர்.என்.ஆர். குவிந்தால், அவர் அழைப்புகளைத் துண்டிக்கிறாரா என்று ரெக்கார்டிங்கில் பாருங்கள். சில லைன்களில் “தொடர்பு எல்லைக்கு வெளியே” என்ற அறிவிப்பே எடுத்த அழைப்பாக உள்ளே வந்துவிடுவதும் உண்டு. அப்போது எல்லோரிடமும் அந்த எண்ணிக்கை ஏறியிருக்கும்.

இனி, “ஹலோ” சொல்லிவிட்டு வைத்த அந்த 12 பேருக்கு வருவோம். அங்கேதான் உங்கள் லெவல் 3 இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், ஒருவர் காலியானால் டயலர் மூன்று எண்களை அடிக்கிறது. காலையில் 100-க்கு 30 பேர் எடுக்கிறார்கள் என்றால், மூன்றில் இரண்டோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் எடுக்க 22 சதவீத வாய்ப்பு. மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் வீடு திரும்பி, 45 பேர் எடுக்கத் தொடங்கினால் அது 43 சதவீதம் ஆகிவிடும். அந்த நொடியில் இன்னொரு டெலிகாலர் காலியாக இருந்தால் தப்பிக்கலாம். பத்தே பேர் உள்ள அணியில் அது அடிக்கடி நடக்காது. எடுத்தவர் காத்திருக்கிறார், இந்தப் பக்கம் ஆள் இல்லை. சில நொடி கழித்து ஆள் கிடைக்கும்போது அவர் போனை வைக்கும் தருவாயில் இருப்பார். அதைத்தான் டெலிகாலர் `NI` என்று அழுத்தியிருப்பார். ஆளே கிடைக்காமல் போனது `DROP` ஆகிவிடும்.

ஆகவே லெவலையும் குறைக்கத்தான் வேண்டும். லெவலை நீங்களே நிர்ணயிக்கும் `RATIO` முறையிலேயே இருங்கள். தானாக வேகம் கூட்டிக் குறைக்கும் முறைகள் சராசரியை நம்பி ஓடுபவை. பத்துப் பேருக்கு அந்தச் சராசரி நிலையாக நிற்காது. பகலில் 2, மாலை ஐந்தரைக்கு மேல் 1.5 என்று கையால் மாற்றுங்கள். திரையில் ட்ராப் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அமெரிக்காவில் மனிதர் எடுத்த அழைப்புகளில் 3 சதவீதத்துக்கு மேல் கைவிடக்கூடாது என்று விதி உண்டு. அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். டெலிகாலர்கள் இடையில் அரை நிமிடம் சும்மா உட்கார்ந்தால் உட்காரட்டும். இது காசு கொடுத்து வாங்கிய மொத்த டேட்டா இல்லை, தானாக வந்து கேட்டவர்களின் எண்கள். ஒவ்வொன்றும் அந்த அரை நிமிடத்தைவிட விலை கூடியது.

நாளை ஷிஃப்ட் தொடங்கும் முன் லிஸ்ட்டை மொத்தமாக ரீசெட் செய்துவிடாதீர்கள். கேம்பெய்னில் எந்த ஸ்டேட்டஸ்களை மறுபடி அடிக்க அனுமதித்திருக்கிறது என்று பாருங்கள். `DROP` அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். இன்று மௌனத்தைக் கேட்டவருக்கு மறுபடி டயலர் போனால், ஸ்பேம் என்று குறித்துவிடுவார். அந்த எண்களையும், 10 நொடிக்குக் குறைவான `NI`-களையும் தனி லிஸ்ட்டாக்கி, நன்றாகப் பேசும் இரண்டு பேரிடம் மேனுவல் டயலுக்குக் கொடுங்கள். ஆனால் அந்த 480 ரெக்கார்டிங்கையும் கேட்டு, “கூப்பிடாதீங்க” என்றவர்களையும் ராங் நம்பர்களையும் நிஜமாகவே வேண்டாம் என்றவர்களையும் முன்பே பிரித்து எடுத்துவிட வேண்டும். எல்லாமே சின்ன ரெக்கார்டிங்குகள்தான், இரண்டு பேர் பகிர்ந்து கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும். அழைக்கும்போது முதல் வாக்கியம் “நேத்து எங்க கால்ல சரியா பேச முடியல, மன்னிச்சிடுங்க” என்று இருக்கட்டும்.