நிக்கு என்றால் என்ன இறைச்சி?

வணக்கம் ஐயா. ஜப்பானில், ஓசாகாவில் முதுகலை படிக்கிறேன். ஏப்ரலில் தம்பி இங்கே மொழிப்பள்ளியில் சேர வருகிறான். கோழி, மீன், பன்றி எல்லாம் சாப்பிடுவான். மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டான். கொன்பினி என்கிற சிறு பல்பொருள் கடைகளிலும் இசகாயா என்கிற மது உணவகங்களிலும் வரும் சொற்களை விளக்கி அவனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். “நிக்கு என்றால் இறைச்சி, கியூ என்றால் மாடு. கியூ என்று இருந்தால் தவிர்த்துவிடு” என்று எழுதியிருக்கிறேன். இது போதுமா?

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. அந்த வரியை இன்றே மாற்றி எழுதுங்கள். ஓசாகா, கியோத்தோ பக்கம் வெறுமனே நிக்கு என்றால் மாட்டிறைச்சிதான். பன்றி என்றால் புத்தா என்று தனியாகச் சொல்வார்கள். தோக்கியோவில் நிக்குமான் என்று விற்கிற, பன்றிக்கறி அடைத்த ஆவி பறக்கும் பன், ஓசாகாவில் புத்தாமான் ஆவது இதனால்தான். உருளைக்கிழங்கு போட்ட நிக்குஜாகா தோக்கியோ பக்கம் பெரும்பாலும் பன்றி, இங்கே மாடு.

என் முதல் குளிர்காலத்தில் மாட்டிறைச்சி சாப்பிடாத நண்பர் ஒருவருக்கு நானும் உங்களைப் போலத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் நிக்கு உதோன் என்கிற தடித்த நூடுல்ஸ் வாங்கிப் பாதி சாப்பிட்ட பிறகு சந்தேகம் வந்து கேட்டார். “கியூ” என்றார் கடைக்காரர். நண்பர் குச்சிகளைக் கீழே வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இசகாயாவில் இன்னும் கவனம் தேவை. தோத்தேயாக்கி என்ற பெயரில் நிக்குவும் இல்லை, கியூவும் இல்லை. ஆனால் ஓசாகாவில் அது மிசோ என்கிற புளித்த சோயா விழுதில் நெடுநேரம் வேகவைத்த மாட்டுத் தசைநார். குஷிகாத்சு என்பது குச்சியில் குத்திப் பொரிக்கும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். அதே சொல் பட்டியலின் உள்ளே தனி ஐட்டமாகவும் வந்தால், அது பெரும்பாலும் மாட்டிறைச்சி. வெங்காயம், தாமரைக்கிழங்கு, இறால் என்று பெயர் சொல்லி வாங்கச் சொல்லுங்கள்.

கொன்பினிப் பொட்டலங்களில் மாட்டைக் குறிக்கும் காஞ்சி என்கிற சீன வழி எழுத்தைக் கண்டுகொள்ளப் பழக்குங்கள். நான்கே கோடுகள், நடுக்கோட்டின் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கியூன்யூ, அதாவது பாலுக்கும் முதல் எழுத்து அதுவே. அடுத்த எழுத்தையும் பார்க்காவிட்டால் பால் பன்னைக்கூட வேண்டாமென்று வைத்துவிடுவான். சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் போன்றவற்றில் மாட்டிறைச்சிச் சாறு, வெளிநாட்டுச் சொற்களுக்கான கத்தகானா எழுத்தில் ‘பீஃபு எகிசு’ என்று இருக்கும். பொட்டலத்தில் ஒவ்வாமைப் பொருட்களைப் பட்டியலிடும் பெட்டியை மட்டும் நம்பக்கூடாது. முட்டை, பால், கோதுமை எல்லாம் அதில் கட்டாயம் இருக்கும். மாட்டிறைச்சிக்குப் பரிந்துரைதான், கட்டாயமில்லை.

அப்புறம், ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்: “கியூனிக்கு ஹைத்தேமாஸ்கா?” மாட்டிறைச்சி இருக்கிறதா என்று அர்த்தம். ஹைத்தேமாசென் என்றால் இல்லை.

இசகாயாவில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். தோக்கியோவில் ஒதோஷி, ஓசாகாவில் த்சுகிதாஷி. இலவசமில்லை, பெரும்பாலும் ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலில் போட்டிருக்காது. சில நாள் கீரை, சில நாள் இறைச்சிக் குழம்பு. அதைத் தொடுவதற்கு முன்பும் அவன் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்.