டிரைவர் விடுதலை ஆனால் நஷ்டஈடும் போச்சா?

கேள்வி: லாரி மோதி அப்பா இறந்துவிட்டார். கிரிமினல் கோர்ட்டில் டிரைவரை விடுதலை செய்துவிட்டார்கள். அவர்மேல் தப்பு இல்லை என்று ஒரு கோர்ட் சொன்ன பிறகு நஷ்டஈடு கேட்டால் கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு நிறையவே இருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பல வருடங்களாக வழக்கு நடத்துகிறேன். விடுதலைத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு "எல்லாம் போச்சு சார்" என்று வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

குற்ற வழக்கில் கேட்கும் கேள்வி, இந்த ஆளைச் சிறைக்கு அனுப்பலாமா என்பது. அதற்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவும் இரண்டு விதமான நடத்தையைச் சொல்கின்றன. வளைவில் எதிரே பஸ் வருவது தெரிந்தும், எப்படியும் போய்விடலாம் என்று முந்துகிறார் ஒருவர். ஆபத்து தெரிந்தே துணிவது, அது ஒரு வகை. கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பவருக்கு ஆபத்து மனதிலேயே படவில்லை. பட்டிருக்க வேண்டும், அது இன்னொரு வகை. இரண்டில் எதுவானாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்று எல்லா எஃப்.ஐ.ஆரிலும் ஒரே வரி இருக்கும். அந்த வரி மட்டும் போதாது. கர்நாடகா எதிர் சதீஷ் என்ற 1998 வழக்கில், வெறும் "அதிவேகம்" என்ற சாட்சியம் எதையும் நிரூபிக்காது, அந்தச் சூழ்நிலையில் அதிவேகம் என்றால் என்ன என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

தீர்ப்பாயத்தில் யாரையும் உள்ளே தள்ளப் போவதில்லை. நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பதுதான் அங்கே விஷயம். நிதானமான ஒரு டிரைவர் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுக்கவில்லை என்பது, நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். பணத்தையும் பெரும்பாலும் டிரைவர் தருவதில்லை. வண்டி உரிமையாளருக்காக இன்சூரன்ஸ் கம்பெனி தருகிறது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் தீர்ப்பு, 1980ல் வந்த என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு. இருட்டிய பிறகு போய்க்கொண்டிருந்த ஒரு பஸ், தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 26 பேர், அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். குற்ற வழக்கில் இது தெய்வச் செயல் என்று டிரைவரை விட்டுவிட்டார்கள். தீர்ப்பாயமோ டிரைவர் கவனக்குறைவாக இருந்தார் என்றது. அங்கே விடுதலை, இங்கே மட்டும் எப்படி என்று பஸ் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. 304ஏ கேட்கும் குற்றத்தன்மை, இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவைவிடக் கடுமையானது என்று சொல்லி, நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். மொபெட்டில் போன ஒரு வியாபாரிமேல் லாரி மோதியது. நேரில் பார்த்த சாட்சி என்று போலீஸ் போட்டிருந்தது எதிரே இருந்த டீக்கடைக்காரரை. குறுக்கு விசாரணையில் அவர், "சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான், சந்தேகத்தின் பலன் டிரைவருக்குப் போனது. மாஜிஸ்திரேட் செய்தது சரிதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

தீர்ப்பாயத்தில் டீக்கடைக்காரரை நான் கூப்பிடவே இல்லை. விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்திருந்த வரைபடத்தைக் காட்டினேன். மொபெட் இடப்பக்க மண்தரையில் கிடக்கிறது. லாரியின் பிரேக் தடம் நடுக்கோட்டைத் தாண்டி நாலடி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. வண்டி ஆய்வாளர் அறிக்கையில் இயந்திரக் கோளாறு இல்லை. லாரி ஏன் இந்தப் பக்கம் வந்தது? பதில் சொல்ல வேண்டிய டிரைவர் கூண்டில் ஏறவே இல்லை. இன்சூரன்ஸ் வக்கீல் விடுதலைத் தீர்ப்பை ஆவணமாகப் போட்டார், எடுபடவில்லை. ஹெல்மெட் போடாததற்காகப் பத்து சதவீதம் மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க உத்தரவு வந்தது. அந்தக் கழிவும் இங்கே மட்டும்தான் உண்டு. குற்ற வழக்கில் செத்தவர்மேலும் தப்பு என்று சொல்லித் தண்டனை கொஞ்சம் குறையலாமே தவிர, குற்றத்தை இப்படிச் சதவீதம் போட்டுப் பிரிக்க மாட்டார்கள்.

உங்கள் விடுதலைத் தீர்ப்பை ஒரு தரம் படித்துப் பாருங்கள். சாட்சி பிறழ்ந்தது, சந்தேகத்தின் பலன் என்று இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் உங்கள் அப்பாவே ராங் சைடில் வந்தார் என்பதற்கு வரைபடமோ போட்டோவோ அந்த ஃபைலில் இருந்தால், அதே காகிதம் தீர்ப்பாயத்திலும் உங்களுக்கு எதிராக வரும். அங்கேதான் சிக்கல்.

அப்புறம் தேதி. 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. ஏற்கெனவே மனு போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர், வரைபடம், வண்டி ஆய்வு அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.