கால் மணிக் கணக்கு: பில்லில் எப்படிக் காட்டுவது?

வெப் டெவலப்பர், சேலம்: 15 நிமிடக் கணக்கில்தான் பில் போடுகிறேன் சார். ஒவ்வொரு வேலையையும் அடுத்த கால் மணிக்கு ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம், ஆனால் எதை ஏற்றுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே நாளில் ஒரே கிளையண்ட்டுக்கு 4 நிமிட போன், 9 நிமிட மெயில், 22 நிமிட சர்வர் வேலை, மறுபடி 6 நிமிட போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 41 நிமிடம். தனித்தனியாக ஏற்றினால் ஒன்றேகால் மணி. மணிக்கு 2,000 ரூபாய் என்றால் 2,500. நாள் முழுக்கக் கூட்டிவிட்டு ஒரே தடவை ஏற்றினால் முக்கால் மணி, 1,500. இரண்டாவதுதான் நியாயம் என்பேன்.

கணக்காளர்: 7 நிமிடம் வரை விட்டுவிட வேண்டும், 8 ஆனால் கால் மணி. அமெரிக்காவில் சட்டமே இருக்கிறதே?

பாதி சரி. அது அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் நேரத்தைக் கணக்கிட அனுமதிக்கப்பட்ட ஒரு முறை, கட்டாயம் இல்லை. உங்கள் பில்லுக்கு நீங்களும் கிளையண்ட்டும் பேசிக்கொண்டதுதான் விதி. அதையே ஒவ்வொரு வேலைக்கும் போட்டால் மேலே சொன்ன இரண்டு போனும் காணாமல் போய், 22 நிமிடம் கால் மணியாகி, மொத்தம் அரை மணிதான் தேறும். 11 நிமிடம் உங்கள் கையிலிருந்து போகும்.

ஒரு வாசகி: எங்கள் ஆபீஸில் 5 நிமிடம் லேட்டானால் கால் மணி சம்பளம் பிடிக்கிறார்கள். இதைப் பில்லில் கேட்கலாமா?

அது வேறு பஞ்சாயத்தும்மா, எச்.ஆரிடம்தான் கேட்க வேண்டும்.

டிசைனர், கோவை: நிஜ நிமிடத்தையும் காட்டினால் பேரம் பேச மாட்டார்களா?

சிலர் பேசுவார்கள். ஆனால் மறைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அவர்களே போன் லாக்கைப் பார்த்துக் கேட்டால் இன்னும் மோசம். தேதி, வேலை, நிஜ நிமிடம், பில் மணி, தொகை என்று ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: “சர்வர் கோளாறு, மெயில், 2 போன் – 41 நிமிடம் – 0.75 மணி – ₹1,500”. எந்த முறையில் ஏற்றினீர்கள் என்று அடியில் ஒரு வரி. அதே வரி வேலை தொடங்கும் முன் கொடுத்த கொட்டேஷனிலும் இருக்க வேண்டும். அப்புறம், 45 நிமிடத்தை 0.45 என்று போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அது 900 ரூபாய்தான் வரும்!

மறுபடி சேலம்: ஷீட்டில் ஃபார்முலா?

நிமிடங்களை முழு எண்ணாக B2 முதல் B5 வரை போட்டுவிட்டு:

```
=CEILING(SUM(B2:B5),15)/60
```

0.75 வரும். 0:41 என்று நேர வடிவில் போட்டால் இது வேலை செய்யாது, ஷீட் அதை ஒரு நாளின் பின்னமாகத்தான் வைத்திருக்கும்.

வரி ஆலோசகர்: ஒரே கால் மணிக்குள் இரண்டு கிளையண்ட்டுகளுக்கு ஆளுக்கு 5 நிமிட போன். இருவருக்கும் கால் மணி போடலாமா?

ஒரே நேரத்தை இரண்டு பேரிடம் வாங்கக் கூடாது என்று அமெரிக்க வக்கீல் சங்கம் 1993-லேயே கருத்துச் சொல்லியிருக்கிறது. உங்களுடையது அதுவல்ல, இரண்டு தனி போன். குறைந்தபட்சம் கால் மணி என்று இருவரிடமும் ஒப்பந்தம் இருந்தால் போடுகிறவர்கள் உண்டு. நான் போடுவதில்லை, அந்த வாரத்தின் அடுத்த வேலையோடு சேர்த்துவிடுவேன். அடுத்த வேலையே வராவிட்டால் என்ன செய்வது என்பதில் எனக்கும் என் பார்ட்னருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.